ரேடார் பொய் சொன்னதா? 161 கிலோ மீட்டர் பந்தின் கணக்கு!

2003-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி. தென் ஆப்பிரிக்காவில் உள்ள கேப் டவுன் நகரம். உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டியில் பாகிஸ்தானும் இங்கிலாந்தும் மோதின.

பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் ஷோயிப் அக்தர் புயல் போல் ஓடி வந்து ஒரு பந்தை வீசினார். எதிரே நின்றவர் இங்கிலாந்து வீரர் நிக் நைட். அந்தப் பந்தின் வேகம் மணிக்கு 161.3 கிலோ மீட்டர் என்று ரேடார் கருவி காட்டியது. மைல் கணக்கில் 100-ஐத் தாண்டிவிட்டது. கிரிக்கெட் உலகமே பரபரப்பு அடைந்தது.

ஆனால் இவ்வளவு வேகமான பந்தைக் கடிகாரம் வைத்து அளந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "என்ன அண்ணே, கணக்குப் போட்டா 145-தான் வருது. ரேடாருல 161-ன்னு போடறான். மீதி 16 எங்கே போச்சு?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ரேடார் பொய் சொன்னதா? அல்லது கணக்கில் ஓட்டையா?

எத்தனை அடி தூரம்?

வேகம் கண்டுபிடிக்க இரண்டே விவரம் போதும். பந்து எவ்வளவு தூரம் போனது? எவ்வளவு நேரத்தில் போனது? தூரத்தை நேரத்தால் வகுத்தால் ஒரு விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று விடை வரும். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோ மீட்டர்.

பிட்ச் நீளம் 22 கஜம். அதாவது 20.12 மீட்டர். இது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஆனால் இது ஒரு ஸ்டம்பில் இருந்து எதிர் ஸ்டம்பு வரை உள்ள தூரம். பந்து அவ்வளவு தூரம் பறப்பது இல்லை.

பவுலரின் முன்னங்கால் விழுவது ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் உள்ள கிரீஸ் கோட்டை ஒட்டி. ஏறக்குறைய அந்தக் காலுக்கு நேர் மேலேதான் பந்து கையை விட்டு விலகுகிறது. பேட்ஸ்மேனும் தன் ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் உள்ள கோட்டருகே பேட்டை வைத்து நிற்கிறார். இரண்டு பக்கமும் 4 அடி போனால், பந்து கடக்கும் தூரம் 58 அடிதான். அதாவது 17.68 மீட்டர்.

கண் இமைக்கும் நேரம்!

அக்தர் வேகத்தில் வீசப்படும் பந்து, பிட்சில் குத்தி எழும்பி பேட்டைத் தொட ஏறத்தாழ 0.44 விநாடி ஆகும். அரை விநாடி கூட இல்லை!

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 17.68-ஐ 0.44-ஆல் வகுத்தால் விநாடிக்கு 40.2 மீட்டர். மணிக்கு சுமார் 145 கிலோ மீட்டர். சந்தேகப் பேர்வழிகள் சொல்லும் கணக்கு இதுதான். வகுத்தலில் தவறு இல்லை.

பிறகு எங்கே இடிக்கிறது? இந்த 145 என்பது வழி நெடுக உள்ள சராசரி வேகம். ரேடார் சராசரி பார்ப்பது இல்லை. அது சாலையில் பறக்கும் காரைப் பிடிக்கப் போலீசார் வைத்திருக்கும் கருவி மாதிரிதான். பந்து கையை விட்டதும் என்ன வேகமோ, அதைப் பிடித்துக் காட்டிவிடும்.

கையை விட்ட பிறகு பந்துக்கு வேகம் கூட வழியே இல்லை. குறையத்தான் செய்யும். முதலில் காற்று தடுக்கிறது. கையை விட்டபோது வேகம் 100 என்று வைத்துக்கொண்டால், தரையில் குத்தும் நேரத்தில் அது சுமார் 92 ஆகிவிடும். அடுத்து தரை ஒரு பிடி பிடிக்கிறது. குத்தி எழும்பும்போது சுமார் 80-தான் மிச்சம். இது பிட்சுக்குப் பிட்ச் மாறும். மொத்தத்தில் சராசரி 90 அளவில் நிற்கும்.

ஆகவே 145-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 161. காணாமல் போன 16 கிலோ மீட்டர் சிக்கிவிட்டது! அதைத் திருடியது காற்றும் தரையும். ரேடார் நிரபராதி.

இரண்டு தப்பு, ஒரு சரி!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விவரம் தெரியாத ஒருவர் முழு 22 கஜத்தையும் போட்டு, 20.12-ஐ 0.44-ஆல் வகுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 164 புள்ளி சொச்சம் வரும். சரியான தூரத்தைப் போட்டவரை விட இவர்தான் ரேடாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்!

காரணம், இவர் செய்தது இரண்டு தப்பு. தூரத்தைக் கூட்டிப் போட்டார். வேகம் குறைவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு தப்பு விடையை ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது. இரண்டும் சேர்ந்து சரிக்கட்டிவிட்டன.

இதை நம்பி எப்போதும் கணக்குப் போட முடியாது. தரையில் குத்தாமல் நேரே வரும் புல்டாஸ் பந்துக்குத் தரையின் பிடி கிடையாது. அது அதே 0.44 விநாடியில் வந்தால் உண்மையான வேகம் சுமார் 154-தான். 22 கஜக் கணக்கோ அதற்கும் 164 என்றே சொல்லும்.

ஸ்டாப்வாட்ச் உதவாது

தூரத்தை விடப் பெரிய வில்லங்கம் நேரத்தில் இருக்கிறது. ஸ்டாப்வாட்சை விரலால் அமுக்கும்போது 0.1 விநாடி முன்னே பின்னே போவது சகஜம். 0.44 என்பது 0.54 ஆனால் சராசரி வேகம் 118-க்கு விழும். 0.34 ஆனால் 187-க்குப் பாயும்! இதை வைத்துப் பந்தயம் கட்டினால் பணம் போச்சு.

டெலிவிஷன் படத்தை ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணலாம். விநாடிக்கு 25 படம் ஓடும் ஒளிபரப்பில், 0.44 விநாடி என்பது 11 படம். ஒரு படம் குறைத்து எண்ணினால் 145 என்பது 159 ஆகிறது. ஒன்று கூட்டி எண்ணினால் 133-க்கு இறங்குகிறது. ஒரே ஒரு படத்தில் இத்தனை வித்தியாசம். ஸ்லோமோஷனில் திரும்பக் காட்டும் காட்சியை எண்ணவே கூடாது; அதில் விநாடிக் கணக்கே வேறு.

இந்த வில்லங்கத்தைத் தீர்க்க அதிவேகக் காமிராதான் வழி. 1975-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஜெப் தாம்சன் பந்தை அப்படித்தான் படம் பிடித்து அளந்தார்கள். 160.45 கிலோ மீட்டர் என்று கண்டார்கள்.

இன்று அந்த வித்தை பலரது சட்டைப் பையிலேயே இருக்கிறது. விநாடிக்கு 240 படம் எடுக்கும் செல்போனில் 0.44 விநாடிக்குச் சுமார் 106 படம் விழும். ஒரு படம் தப்பினாலும் ஒன்றரை கிலோ மீட்டருக்கு மேல் போகாது. பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும். பந்து விரலை விட்டு விலகிய முதல் படத்தில் தொடங்கி, பேட்டைத் தொடும் படம் வரை எண்ண வேண்டும். போனில் ஓடும் விநாடியைப் பார்க்காமல் படங்களை மட்டும் எண்ணி, 240-ஆல் வகுக்க வேண்டும்.

பேட்ஸ்மேன் எங்கே நின்று அடித்தார் என்பதையும் பார்த்தாக வேண்டும். ஒரு மீட்டர் பின்னால் போய் ஆடியிருந்தால் தூரம் 18.68 மீட்டர். அதை மறந்து 17.68 என்று போட்டால், பவுலர் கணக்கில் 8 கிலோ மீட்டர் அநியாயமாகப் பறிபோகும்.

அடுத்த தடவை யாராவது, "எங்க தெருப் பையன் 150-ல போடறான்" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை அளந்தாய்? எத்தனை படம் எண்ணினாய்? அது கையை விட்ட வேகமா, சராசரியா? மூன்றுக்கும் பதில் வந்தால் பையனின் வேகத்தை நம்பலாம்.