படம் தொலைந்த பிறகு தாள் சொல்லும் கணக்கு

பாலக்கீரையை அசிட்டோன் விட்டு அரைத்து, அந்தச் சாற்றில் ஒரு பொட்டைத் தாளில் வைத்து நிறமிகளைப் பிரிக்கும் சோதனை பல கல்லூரி ஆய்வகங்களில் நடக்கிறது. கரைப்பான் தாளில் ஏற ஏற, ஒற்றைப் பச்சையாக இருந்த பொட்டு நான்கு நிறங்களாகப் பிரிந்து நிற்கும். உடனே செல்போனில் ஒரு படம். ரெக்கார்டு நோட்டு எழுத உட்காரும்போது அந்தப் படம் இல்லை. தாளை எடுத்துப் பார்த்தால் அதுவும் வெளுத்துக் கிடக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் கரோட்டினும் குளோரோபில்லும் சிதைந்துவிடும்.

அப்போது கைகொடுப்பவை தாளின் மேல் உள்ள பென்சில் கோடுகள்தான். பொட்டு வைத்த தொடக்கக் கோடு, கரைப்பான் ஏறி நின்ற எல்லை, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் போட்ட வளையம் ஆகிய மூன்றும் இருந்தால், படம் இல்லாமலே முடிவை எழுதிவிடலாம். 1944-இல் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் அமினோ அமிலங்களைத் தாளில் பிரிக்கும் முறையை வெளியிட்டபோதே, புள்ளியின் இடத்தை Rf என்ற எண்ணாகச் சொன்னார்கள். புள்ளி நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பெட்ரோலியம் ஈதர் ஒன்பது பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு. கரைப்பான் தொடக்கக் கோட்டிலிருந்து 12 செ.மீ. ஏறியிருக்கிறது. 11.6 செ.மீ.யில் ஆரஞ்சு சாய்ந்த மஞ்சள், 8.6-இல் வெளிர் மஞ்சள், 7.8-இல் நீலம் கலந்த பச்சை, 5.4-இல் மஞ்சள் கலந்த பச்சை. வகுத்தால் 0.97, 0.72, 0.65, 0.45. இவை முறையே கரோட்டின், சாந்தோஃபில், குளோரோபில் ஏ, குளோரோபில் பி.

நிறத்தை எழுதுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘பச்சை’ என்று மட்டும் எழுதினால் ஏ எது, பி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நீலம் கலந்ததா, மஞ்சள் கலந்ததா என்ற ஒரு சொல்தான் இரண்டையும் பிரிக்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்திருந்தால் அதையும் விடாமல் குறிக்க வேண்டும். அமிலம் பட்டோ சூட்டாலோ குளோரோபில் தன் மெக்னீசியத்தை இழந்தால் உண்டாகும் ஃபியோஃபைட்டின் அது. கீரை வதங்கியதா, சாறு பழசா என்று யோசிக்க அது ஒரு தடயம்.

அளவில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. தொடக்கக் கோட்டிலிருந்து அளக்காமல் தாளின் அடி விளிம்பிலிருந்து அளந்துவிடுவார்கள். கோடு விளிம்புக்கு மேலே 2 செ.மீ.யில் இருந்தால் எல்லாத் தூரத்திலும் 2 கூடிவிடும். குளோரோபில் பி-யின் 5.4 என்பது 7.4 ஆகும், 12 என்பது 14 ஆகும், Rf 0.53 என்று வரும். குளோரோபில் ஏ 0.70-க்கு ஏறும். கரோட்டினோ 13.6-ஐ 14-ஆல் வகுத்தாலும் 0.97-லேயே நிற்கும். ஆகவே, மேலே உள்ள புள்ளி எதிர்பார்த்த எண்ணில் இருக்க, கீழே போகப் போக எண்கள் மிகுதியாகத் தெரிந்தால், அடி விளிம்பிலிருந்து அளந்தார்களா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதைப் படத்தின் உதவியின்றி, எழுதிய எண்களை வைத்தே கண்டுபிடித்துத் திருத்திவிடலாம்.

கரைப்பான் எல்லையைக் குறிக்க மறந்திருந்தால் நிலைமை கடினம். ஈதர் சில நொடிகளில் ஆவியாகிவிடும், எல்லை எங்கே என்று பிறகு தேடினால் அகப்படாது. அந்த நிலையில் Rf எழுதக் கூடாது. ஒரு புள்ளியின் தூரத்தை இன்னொன்றின் தூரத்தோடு ஒப்பிட்டு எழுதலாம். மேலே சொன்ன தாளில் குளோரோபில் பி, ஏ நகர்ந்ததில் 0.69 பங்கு தூரம்தான் நகர்ந்திருக்கிறது. எல்லை தெரியாவிட்டாலும் அந்த விகிதம் நிற்கும்.

நினைவிலிருந்து எழுதும் நிறத்துக்கும் தாளில் இப்போதும் தெரியும் நிறத்துக்கும் நோட்டில் வித்தியாசம் காட்டுவது நேர்மை. ‘உலர்ந்ததும் பார்த்த நிறம்’ என்றோ ‘இன்று வெளுத்த நிலையில்’ என்றோ சேர்த்தால் படிப்பவர் குழம்ப மாட்டார். தாளின் வகை, கரைப்பான் விகிதம், அறை வெப்பம் இவற்றையும் அருகிலேயே எழுத வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் Rf நகர்ந்துவிடும்.

எழுத்தால் மீட்க முடியாதவையும் உண்டு. எந்தப் பட்டை எவ்வளவு அடர்த்தியாக இருந்தது, அதாவது எந்த நிறமி எவ்வளவு இருந்தது என்பதை வளையத்தின் அளவைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. இரு வேறு பொருட்கள் ஒரே Rf காட்டவும் கூடும். அதனால்தான் 0.45 என்ற எண் மட்டும் ‘இது குளோரோபில் பி’ என்பதற்குச் சான்றாகாது. நிறமும் சேர்ந்து பொருந்த வேண்டும், முடிந்தால் தெரிந்த நிறமியின் பொட்டு அதே தாளில் பக்கத்திலேயே ஓடியிருக்க வேண்டும்.