'டூர் போலாமா டாக்டர்?'னு கேட்காதீங்க... மூச்சுப் பிரச்னை இருந்தா கேட்க வேண்டிய கேள்வி வேற!

பெரியப்பாவுக்கு 67 வயசு. பல வருஷமா சி.ஓ.பி.டி எனும் நுரையீரல் பிரச்னை. தினமும் இன்ஹேலர் எடுக்கிறார். மதுரை வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 93 காட்டும். போன வருஷம் குடும்பமா ஊட்டி போக பிளான் போட்டப்போ டாக்டர்கிட்டயும் கேட்டோம். ''டூர் போலாமா?'' ''தாராளமா!''

அன்னிக்கு ராத்திரி ஊட்டி லாட்ஜில் அதே மெஷின் 84 காட்டியது. பெரியப்பாவால் ஒரு வாக்கியத்தை முழுசா பேசி முடிக்க முடியவில்லை. காரைக் கிளப்பி மேட்டுப்பாளையம் இறங்கிய பிறகு 91-க்கு வந்தது.

தப்பு டாக்டர் மேல இல்லை. ஊட்டினு நாங்க சொல்லவே இல்லையே! ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேலே போகப்போக காற்றழுத்தம் குறையும். அதனால் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், மதுரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆரோக்கியமான நமக்கு அது பெருசா தெரியாது. ஏற்கெனவே 93-ல் இருப்பவருக்குச் சறுக்க அதிக இடமில்லை. ஹார்ட் அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வெச்சவங்களுக்கும் இதே கதைதான். ஆக்ஸிஜன் குறைஞ்சா இதயம் இன்னும் வேகமா துடிச்சாகணும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, ''இத்தனை மீட்டர் உயரத்தில், இத்தனை ராத்திரி தங்கலாமா?'' இந்த வருஷம் அப்படித்தான் கேட்டோம். டாக்டர் பெரியப்பாவை வராந்தாவில் 6 நிமிஷம் நடக்க வெச்சார். 93, 87 ஆனது. ''ஊட்டி வேணாம், குன்னூர்ல தங்குங்க. ஏறும்போதும், நடக்கும்போதும், தூங்கும்போதும் ஆக்ஸிஜன் வேணும்'' என்றார். குன்னூர் சுமார் 1,850 மீட்டர்.

அதற்காக வாடகைக்கு எடுத்தது, தோளில் மாட்டும் போர்ட்டபிள் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர். காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும். சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகாது, ஆனால் பேட்டரி தீரும். எங்க மெஷின் 'செட்டிங் 2'-ல் 4 மணி நேரம் ஓடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஒன்றரை மணி நேரம்தான். ஆனா சீஸன் டிராஃபிக்கில் 3 மணி நேரம்கூட ஆகலாம். போகிற நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி வேணும் என்பது கணக்கு. அதாவது நாலரை மணி நேரம். ஒரு பேட்டரி பத்தாது, ரெண்டாவதும் எடுத்தோம். ஃப்ளைட்னா, சொந்த சிலிண்டரை ஏத்த விடமாட்டாங்க. இந்த மெஷினுக்கும் ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே சொல்லி, அவங்க மெடிக்கல் ஃபார்மில் டாக்டர் கையெழுத்து வாங்கணும்.

இன்னொரு விஷயம். சின்ன மெஷின்கள் பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும்தான் ஆக்ஸிஜன் விடும். வாயைத் திறந்து தூங்குறவரின் மூச்சை அது கவனிக்காமலே போகலாம். அதனால் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தோம். தூக்கத்தில் நடுநடுவே ரீடிங் பார்த்தப்போ எங்களுக்குப் பிரச்னையில்லை. இறங்கினால், தொடர்ச்சியாக ஆக்ஸிஜன் விடும் வீட்டு மெஷின் வேணும்னு அர்த்தம்.

முக்கியமா, ரீடிங் இறங்குதேனு நீங்களா செட்டிங்கை ஏத்தாதீங்க. சி.ஓ.பி.டி உள்ள சிலருக்கு ஆக்ஸிஜன் அளவுக்கு மீறினால், கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். தலைவலி, குழப்பம், எழுப்பினாலும் எழாத அரைத்தூக்கம்... இதெல்லாம் அதன் அடையாளம். பெரியப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இலக்கு 88-லிருந்து 92. நூறு இல்லை! ஆக்ஸிஜன் வெச்சு 15 நிமிஷம் உட்கார்ந்தும் 88-ஐத் தொடலைனா ஆஸ்பத்திரி. அதுக்கு முன்னாடி கையைத் தேய்ச்சு சூடாக்கிட்டு இன்னொரு தடவை பாருங்க. குளிரில் விறைச்ச விரல் பொய் ரீடிங் காட்டும்.

ஆஸ்பத்திரியை மேப்பில் பார்த்தால் மட்டும் போதாது. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது. போன் செய்து ரெண்டு கேள்வி கேட்டோம்: ராத்திரி கேஷுவாலிட்டியில் டாக்டர் இருப்பாரா, மூச்சுத் திணறலுக்கு மாஸ்க் வழியா காற்று தரும் பைபேப் மெஷின் இருக்கா? அதுக்கு மேல தேவைப்பட்டா கோயம்புத்தூர். மலைப்பாதையில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் காத்திருக்காமல் 108-ஐ சீக்கிரமே கூப்பிடணும். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இ.சி.ஜி, மாத்திரைச் சீட்டு மூணையும் எல்லார் போனிலும் போட்டோ எடுத்து வெச்சோம். இன்ஹேலர் டிக்கியில் இல்லை, பெரியப்பா சட்டைப் பையில்.

முதல் நாள் முழுக்க ரூம்தான். ரெண்டாம் நாள் சிம்ஸ் பார்க். அந்தப் பூங்கா பள்ளத்தில் இறங்கும். போகும்போது ஜாலி, திரும்பும்போது மொத்தமும் ஏற்றம். ''கீழே ஏரி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்டா'' என்றார் பெரியப்பா. ''பேசிக்கிட்டே திரும்ப ஏற முடியுமா பெரியப்பா?'' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, சுண்டல் வாங்கிட்டு வரச் சொன்னார்.