சிறுநீர்ப்பையில் தேங்கும் புகை

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் லுட்விக் ரேன் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். குத்துப்பட்ட இதயத்தைத் தைத்து நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் மருத்துவர் என்று 1896இல் பெயர் வாங்கியவர். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு கவனிப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் தயாரிக்கும் வேலையில் இருந்த 45 தொழிலாளர்களில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்ததை அவர் பார்த்தார். சாய ஆலையின் ஆவி போவது மூக்குக்கும் நுரையீரலுக்கும். கட்டி வந்ததோ அடிவயிற்றில்.

குற்றவாளி யாரென்று உறுதியாகப் பல பத்தாண்டுகள் ஆயின. சாயத் தொழிலில் புழங்கிய அரோமாட்டிக் அமீன் என்ற வேதிப்பொருள் குடும்பம்தான் அது. 1938இல் வில்ஹெல்ம் ஹியூப்பர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 2-நாப்தைலமீனை நாய்களுக்குக் கொடுத்தபோது, அவற்றின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டானது. அதன் உறவுப் பொருளான 4-அமினோபைஃபினைல் அமெரிக்க ரப்பர் தொழிலில் 1935 முதல் 1955 வரை பயன்பட்டது. அங்கும் தொழிலாளர்களுக்கு அதே நோய் வந்தது. இந்த இரண்டு பொருள்களையும் தொழிற்சாலைகளில் பயன்படுத்தக் கூடாது என்று 1967இல் பிரிட்டன் சட்டம் போட்டது.

ஆலையிலிருந்து விரட்டப்பட்ட அந்த இரண்டும் இன்றைக்கும் சிகரெட் புகையில் இருக்கின்றன. யாரும் அவற்றைக் கலப்பதில்லை. புகையிலையில் இயல்பாகவே உள்ள நைட்ரஜன் சேர்மங்கள் எரியும்போது அவை தாமாக உருவாகின்றன. அளவு மிகச் சிறியது. ஒரு சிகரெட்டிலிருந்து புகைப்பவர் இழுக்கும் 4-அமினோபைஃபினைல், ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்குதான் இருக்கும். ஆனால் நாளுக்கு 20 சிகரெட் வீதம் முப்பது ஆண்டு புகைத்தவர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளை முடித்திருப்பார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இழுப்புக்கு இடையில் சும்மா புகைந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து இதே பொருள் இன்னும் பல மடங்கு வெளியேறுகிறது. அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது.

இழுத்த புகை நுரையீரலோடு நின்றுவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். நுரையீரலின் வேலையே காற்றில் இருப்பதை ரத்தத்துக்குக் கடத்துவது என்பதை மறந்துவிடுகிறோம். காற்றறைகளின் சுவர் ஒரு மயிரிழையைவிடப் பல மடங்கு மெலிது. ஆக்சிஜன் நுழையும் அதே வழியில் நிகோடினும் அமீன்களும் நுழைகின்றன. நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொட்டுவிடும். 4-அமினோபைஃபினைல் ரத்தத்தோடு சுற்றிக் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது.

கல்லீரலில் நடப்பதுதான் இந்தக் கதையின் வேதனையான பகுதி. வந்து சேர்ந்த அமீன் அந்த நிலையில் அவ்வளவு ஆபத்தானது அல்ல. அந்நியப் பொருளை நீரில் கரையும்படி மாற்றி வெளியே தள்ளக் கல்லீரலில் நொதிகள் உண்டு. அவற்றில் ஒன்று இந்த அமீனுக்கு ஒரு ஆக்சிஜன் அணுவைச் சேர்த்துவிடுகிறது. அந்தச் சிறு மாற்றத்தால்தான் அது மரபணுவைத் தாக்கக்கூடிய பொருளாகிறது. துப்புரவு செய்யப் போன உடம்பே நஞ்சுக்குக் கூர் தீட்டிக் கொடுத்துவிடுகிறது.

NAT2 என்ற இன்னொரு நொதி இதற்கு எதிர்வேலை பார்க்கிறது. அமீன் கூர்மையாகும் முன்பே அதைப் பிடித்து முடக்கப் பார்க்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையை உடம்பில் செயலிழக்கச் செய்வதும் இதே நொதிதான். இது சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும்; அது பிறப்பிலேயே அமைவது. மெதுவாக வேலை செய்கிறவர்கள் புகைத்தால், அவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் புகைப்பவர்களைவிடக் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேகமானவர்களும் தப்பிவிடுவதில்லை.

இந்தப் பயணத்துக்கு ரத்தத்திலேயே சாட்சி இருக்கிறது. கூர்மையான அமீனில் ஒரு பங்கு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அணு சாகும் வரை, அதாவது சுமார் 120 நாள், அது விலகாது. ஆகவே ரத்தத்தைச் சோதித்தால் ஒருவர் கடந்த சில மாதங்களில் எவ்வளவு 4-அமினோபைஃபினைலை உள்ளே வாங்கினார் என்று அளந்துவிடலாம். புகைப்பவர்களிடம் இது பல மடங்கு அதிகம். புகைக்காமல், புகைப்பவர் அருகில் வாழ்கிறவர்களின் ரத்தத்திலும் இது தென்படுகிறது. புகையை விட்டவர்களிடம் சில மாதங்களில் இறங்கிவிடுகிறது.

எஞ்சியதைக் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டி, பாதுகாப்பாகப் பொட்டலம் போட்டு ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் சேர்க்கிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்கள் வழியாகத்தான் ஓடுகிறது. அதனால் புகையில் கரைந்து வந்த பலவற்றை அவையும் சந்திக்கின்றன. புகைப்பவர்களுக்குச் சிறுநீரகச் சதையில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது, ஆனால் ஓரளவுக்குத்தான். சிறுநீர் வந்து கூடும் சிறுநீரகக் கிண்ணத்தில் ஆபத்து அதைவிட அதிகம். அந்தக் கிண்ணத்தின் உட்சுவரும் சிறுநீர்ப்பையின் உட்சுவரும் ஒரே வகைச் செல்களால் ஆனவை.

அப்படியானால் நோய் பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் வருவது ஏன்? ஓடுகிற வாய்க்காலில் படியாத வண்டல், நீர் தேங்கும் குளத்தில் படியும். சிறுநீர் மணிக்கணக்கில், இரவில் இன்னும் கூடுதலாக, பைக்குள் நிற்கிறது. பொதுவாக அது லேசான அமிலத் தன்மை கொண்டது. கல்லீரல் கட்டிய பொட்டலம் அந்த அமிலத்தில் அவிழ்ந்துவிடும். விடுபட்ட அமீன் உட்சுவர்ச் செல்லுக்குள் நுழைந்து மரபணுவில் குவானின் என்ற எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. செல் பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடும். சரிசெய்யாமல் பிரிந்தால் எழுத்துப் பிழையும் அப்படியே பிரதி எடுக்கப்படும். பிழைகள் சேர்ந்து கட்டியாக இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். முழுச் சுவரும் அதே சிறுநீரில் ஊறியதால், ஒரு கட்டியை எடுத்த பின் வேறிடத்தில் இன்னொன்று முளைப்பதும் இந்த நோயின் வழக்கம்.

அமெரிக்காவில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால், புகைக்கிறவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. ஆண்களிலும் பெண்களிலும் ஏறக்குறைய பாதி நோய்க்குப் புகைதான் காரணம் என்று கணக்கிட்டார்கள். புகையை விட்டால் ஆபத்து குறைகிறது. ஆனால் ஒருபோதும் புகைக்காதவரின் அளவுக்கு எளிதில் இறங்குவதில்லை.

கணையத்துக்குப் புகை செல்லும் வழி வேறு. அங்கே முக்கியமாகச் சந்தேகிக்கப்படுவது, புகையிலையைப் பதப்படுத்தும்போது நிகோடினிலிருந்தே உண்டாகும் நைட்ரோசமீன்கள். அவை ரத்தத்தோடு கணையத்துக்குப் போகின்றன. புகைப்பவர்களிடமிருந்து எடுத்த கணைய நீரிலேயே அவற்றை அளந்திருக்கிறார்கள். புகைப்பவருக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. கணையம் வயிற்றின் பின்புறம் ஆழத்தில் இருப்பதால், மஞ்சள் காமாலையோ காரணமில்லாத எடைக் குறைவோ தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இங்கே புகையை விட்டதன் பலன் தெளிவாகத் தெரிகிறது. விட்டு இருபது ஆண்டு ஆனவரின் ஆபத்து, புகைக்காதவரின் ஆபத்தை நெருங்கிவிடுகிறது.

கருப்பை வாயில் நடப்பது இவை எதையும் போன்றதல்ல. அங்கே நோயின் மூலகாரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், புகை அதற்குத் துணை போகிறது. இந்த வைரஸ் தொற்றிய பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிடும்போதுதான் ஆபத்து. புகைக்கும் பெண்களின் கருப்பை வாய்ச் சளியில் நிகோடினையும், புகையிலைக்கே உரிய நைட்ரோசமீனையும் கண்டிருக்கிறார்கள். அந்தத் திசுவில் காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அவர்களிடம் குறைவாக இருந்தன. காவல் குறைந்தால் வைரஸ் தங்குகிறது. இதற்கெல்லாம் பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கருப்பை வாயையும் சிறுநீரகச் சதையையும் புகையால் புற்றுநோய் வரும் உறுப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த அறிக்கை வெளியானது 2004இல்தான். சிறுநீர்ப்பையும் கணையமும் 1986லேயே அதில் இடம்பெற்றிருந்தன. தமிழ்நாட்டில் புகைக்கும் பெண்கள் குறைவு. இங்கே கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க முதலில் வேண்டியது எச்.பி.வி. தடுப்பூசியும் உரிய வயதில் பரிசோதனையும்தான். புகைக்கிற பெண் அவற்றோடு புகையையும் விட வேண்டும்.

மீண்டும் சிறுநீர்ப்பைக்கு வருகிறேன். இந்த நான்கில் வெளிப்படையாக முன்னறிவிப்பு தருவது அதுதான், அதை நாம் தவறவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. அறுபதை நெருங்கும், நெடுநாள் பீடி குடித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. வீட்டில் "சூடு பிடிச்சிருக்கு" என்கிறார்கள். இளநீர், மோர், வெந்தயம் எல்லாம் நடக்கின்றன. இரண்டு நாளில் நிறம் தெளிகிறது. இளநீர்தான் குணமாக்கியது என்று எல்லாரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் கட்டியிலிருந்து வரும் ரத்தம் எதுவும் செய்யாவிட்டாலும் தானாக நிற்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி வரும். பெண்களுக்கு இதைவிட மோசமாக நடக்கிறது. நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று என்று மாத்திரை மேல் மாத்திரை கொடுத்தே நாள் கடந்துவிடுகிறது.

வலியில்லாமல் ஒரே ஒரு முறை வந்த ரத்தமானாலும், புகைத்த பழக்கம் உள்ளவருக்கு அது மருத்துவரிடம் போகப் போதுமான காரணம். பீட்ரூட் சாப்பிட்டதாலும் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரையாலும் நிறம் மாறலாம். மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு தெரிகிறதா என்று பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். அடுத்து ஸ்கேன் எடுப்பார்கள். இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். வயிற்று ஸ்கேனில் சிறிய கட்டிகளும், சுவரோடு தட்டையாகப் படர்ந்தவையும் தப்பிவிடக்கூடும். ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற ஒரு வரி கணக்கை முடித்துவிடாது. மரத்துப்போகும் களிம்பு வைத்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்ப் பாதை வழியாகச் செலுத்திப் பையின் உட்சுவரை நேரில் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பிதான் உறுதி சொல்லும். சில நிமிட வேலை அது. கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் நான்கில் மூன்று தசைக்குள் இறங்காத நிலையிலேயே இருக்கின்றன. அவற்றை அதே வழியில் சுரண்டி எடுத்துவிட முடியும். மீண்டும் வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் அதே பி.சி.ஜி. கிருமியை வாரம் ஒரு முறை என ஆறு வாரம் பைக்குள் செலுத்துவார்கள். அதன் பிறகும் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை பீடி அல்லது சிகரெட், எப்போது விட்டீர்கள் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். விட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். சிஸ்டாஸ்கோப்பி வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய அந்தக் கணக்கு தேவை.