செம்பரம்பாக்கம் ஏரிப் படத்தில் காற்றாலை தெரிந்தால்

'செம்பரம்பாக்கம், 1985' என்ற குறிப்போடு ஒரு படம் உங்கள் கைக்கு வருகிறது. முன்னால் ஏரி, பின்னால் தொழிற்சாலைக் கூரைகள், ஓரத்தில் மூன்று காற்றாலைகள். இதை நம்பலாமா?

காற்றாலைகளே முதலில் கண்ணை உறுத்துகின்றன. தமிழ்நாட்டில் அவை வரிசை வரிசையாக நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் காற்று நெருக்கியடித்துப் புகும் இடங்களில்: பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே பல்லடம், உடுமலைப்பேட்டை, தெற்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல். சென்னைப் பக்கம் அப்படிப்பட்ட கணவாய் இல்லை. காற்றாலைகளை ஆராயும் மத்திய அரசு நிறுவனம் பள்ளிக்கரணையில் இருக்கிறது, காற்றாலைகள் தூரத்தில் இருக்கின்றன! ஆக, இடம் தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆண்டு? இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளே 1986-இல்தான் வந்தன; அவற்றில் ஒன்று தூத்துக்குடியில். முப்பந்தலில் அவை பெருகியது 1990-களில்.

'கம்பிச்சட்டக் கோபுரம் என்றால் பழசுதானே?' என்று கேட்பீர்கள். முழுவதும் சரியில்லை. அடியில் சட்டமும் மேலே குழாயுமாக உயர்ந்த புதிய கோபுரங்களும் உண்டு. உயரத்தைப் பாருங்கள். நன்கு வளர்ந்த பனை ஏறக்குறைய 20 மீட்டர். பழைய காற்றாலைக் கோபுரம் இரண்டு பனை உயரம் இருக்கும். புதியது ஐந்து பனையைத் தாண்டும். ஆனால் பனையும் காற்றாலையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்க வேண்டும்; இல்லையென்றால் கணக்கு ஏமாற்றும்.

சரி, காற்றாலையே இல்லாத படமாக இருந்தால்? கூரைகளைப் பாருங்கள். நீண்ட, தட்டையான, பெரிய கொட்டகைகள் ஏரிக்கு மேற்கே தெரிந்தால் அது 1985-ஆம் ஆண்டுப் படமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998-இல். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-இல்.

'இவ்வளவு ஆலைகள் இருந்தும் உயரமான புகைபோக்கி ஒன்றையும் காணோமே?' கார் ஆலை மின்சாரத்தில் பற்றவைக்கிறது, பெயின்ட் உலர்த்தும் அடுப்பை எரிவாயுவில் சூடாக்குகிறது. நிலக்கரிக் கொதிகலன் வேண்டாம். கூரைமேல் குட்டை இரும்புக் குழாய்கள் போதும். வெட்டவெளியில் ஒற்றைப் புகைபோக்கி நின்றால் அது பெரும்பாலும் செங்கல் சூளை. சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்து வானளாவியவை என்றால் எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையங்களை நினையுங்கள். அவை இருப்பது கடல் பக்கம்.

கூரையில் சூரியத் தகடுகளும் தெரிகின்றனவா? அவசரப்படாதீர்கள். ஆலைக்கூரையில் வெளிச்சத்துக்காகப் பதிக்கும் வெண்ணிறத் தகடுகள் தூரத்தில் அப்படித் தோன்றும். அவை மெல்லிய கோடுகளாக ஓடும். சூரியத் தகடுகள் கருநீலக் கட்டங்களாக, நடக்க இடைவெளி விட்டு இருக்கும். அவை தெரிந்தால் படத்தைப் பெரும்பாலும் 2010-க்குப் பின் வையுங்கள்.

படத்தின் வயதைச் சொல்வது அதில் உள்ள மிகப் புதிய பொருள்தான். பழைய சூளை இன்றும் புகைந்துகொண்டிருக்கலாம். 1998-இல் எழுந்த ஆலை 1985-இல் நிழல் விழுத்தாது.