அரை மதிப்பெண் எங்கே போனது?

“ஐயா, பியூரெட்டில் 18.45 மி.லி. என்று கவனமாகத்தான் வாசித்தேன். 20.00 மி.லி. காரத்துக்குக் கணக்கிட்டால் 0.09225 மோலார் வருகிறது. பிறகு ஏன் அரை மதிப்பெண் குறைந்தது?”

நியாயமான கேள்வி. வாசிப்பில் பிழையில்லை, அமிலப் புட்டியைப் பாருங்கள். அதில் 0.10 மோலார் என்றுதான் எழுதியிருக்கிறது. உண்மைச் செறிவு 0.095 முதல் 0.105 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த இரு எல்லைகளையும் போட்டுப் பார்த்தால் விடை 0.088க்கும் 0.097க்கும் இடையே ஆடுகிறது. மூன்றாவது தசம இலக்கமே உறுதியில்லாதபோது கடைசி ‘25’ கால்குலேட்டர் தந்தது, சோதனை தந்ததல்ல. பெருக்கலிலும் வகுத்தலிலும் மிகக் குறைந்த முக்கிய எண்ணுருக்கள் கொண்ட அளவே விடைக்கு வரம்பு. இங்கே அது இரண்டு. முன்னால் வரும் சுழியங்கள் கணக்கில் சேரா. எனவே 0.092 மோலார்.

புட்டியில் 0.1000 என்றிருந்தால் மாணவர் எழுதிய 0.09225 சரியாகியிருக்கும்.