பச்சைக் குழந்தைக்குக் கால் மாத்திரையா, ஒன்றரை மாத்திரையா?

பிறவியிலேயே தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாத குழந்தைக்குத் தைராக்சின் மாத்திரை கொடுப்பார்கள். பிறந்த சில நாட்களிலேயே தொடங்க வேண்டிய மருந்து இது. தாமதமானாலோ, அளவு குறைந்தாலோ மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். டாக்டர் எழுதுவது எடைக்கு ஏற்ற அளவு: நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். அதை எத்தனை மாத்திரை என்று மாற்றும்போதுதான் நர்சிங், பார்மசி மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். கேஸ் ஷீட்டில் எடை 3200 கிராம். டாக்டர் கிலோவுக்கு 12 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கிறார். முதலில் கிராமை 1000 ஆல் வகுத்துக் கிலோவாக்க வேண்டும்: 3.2 கிலோ. அதை 12 ஆல் பெருக்கினால் 38.4 மைக்ரோகிராம். கையில் இருப்பது 25 மைக்ரோகிராம் மாத்திரை. 38.4 ஐ 25 ஆல் வகுத்தால் 1.54 வருகிறது. ஒன்றரை மாத்திரை, அதாவது 37.5 மைக்ரோகிராம். டாக்டர் சொன்ன அளவுக்கு மிக அருகில் இருக்கிறது. அதைப் பொடித்து, சில துளி தாய்ப்பாலில் கரைத்துப் பாலாடையில் புகட்டிவிடலாம்.

'வேண்டிய அளவை மாத்திரையின் பவரால் வகு' என்ற சூத்திரம் மாணவர்களுக்கு மனப்பாடம். அதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. சூத்திரத்துக்குள் போகும் இரண்டு எண்களும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் விடுவதுதான் சிக்கல். சில நூல்களில் இதே மாத்திரையின் பவர் 0.025 மில்லிகிராம் என்று இருக்கும். மைக்ரோகிராமை மாற்றாமல் 38.4 ஐ 0.025 ஆல் வகுக்கும் மாணவிக்கு விடை 1536 மாத்திரை என்று வரும். அதைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். இவ்வளவு பெரிய பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றும்போது 1000 க்குப் பதில் 100 ஆல் வகுத்துவிட்டால் 38.4 மைக்ரோகிராம் 0.384 மில்லிகிராம் ஆகிவிடும். விடை 15 மாத்திரை. பச்சைக் குழந்தைக்குப் பதினைந்து மாத்திரையா என்று வார்டில் யாராவது ஒருவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். கையெழுத்தில் மைக்ரோவைக் குறிக்கும் 'மியூ' எழுத்து 'எம்' போலத் தெரிந்து, மைக்ரோகிராம் மில்லிகிராமாகப் படிக்கப்படுவதும் உண்டு. அதனால்தான் மைக்ரோகிராம் என்று முழுச் சொல்லாகவே எழுதச் சொல்கிறார்கள்.

நான் அதிகம் அஞ்சுவது எதிர்ப்பக்கம் நழுவும் புள்ளியை. 0.0384 என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் கூடி 0.00384 ஆகிவிட்டால் விடை 0.15 மாத்திரை. 'சின்னக் குழந்தைதானே, கால் மாத்திரை போதும்' என்று மனம் உடனே ஏற்றுக்கொள்ளும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குழந்தையும் அழாமல் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் தைராக்சின் போதாத குழந்தையும் சோர்ந்து அப்படித்தான் தூங்கும்.

இதைப் பிடிக்க வழி, கணக்கைத் திருப்பிப் போடுவது. கால் மாத்திரை என்றால் 6.25 மைக்ரோகிராம். 3.2 கிலோவால் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 2 மைக்ரோகிராம். இருக்க வேண்டியது 10 முதல் 15. ஒன்றரை மாத்திரையைத் திருப்பிப் போட்டால் 11.7 வருகிறது, சரி.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தைராக்சின் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்தான்; 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. அந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த மாணவிக்கு, குழந்தைக்கு 2 என்று வந்தால் சரியாகவே தோன்றும். பச்சைக் குழந்தைக்குக் கிலோவுக்குப் பெரியவர்களைப்போல ஆறு முதல் ஒன்பது மடங்கு வரை தேவைப்படுகிறது. ஆகவே திருப்பிப் போட்ட விடையை அந்த வயதுக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்த அளவும் நிலையாக நிற்பதில்லை. மூன்று மாதம் தாண்டினால் கிலோவுக்கு 8 முதல் 10 மைக்ரோகிராம் வரை குறையும். ஆனால் அதற்குள் எடை ஏறியிருக்கும். 5.5 கிலோ குழந்தைக்கு அது 44 முதல் 55 மைக்ரோகிராம், அதாவது 25 பவரில் இரண்டு மாத்திரை. அதைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வது ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர். பழைய சீட்டில் இருந்த ஒன்றரையை அப்படியே புதுச் சீட்டுக்கு எடுத்து எழுதக் கூடாது. அன்றைய எடையைப் போட்டுப் பார்த்த பிறகே மாத்திரையை உடைக்க வேண்டும்.