பை போனதா, பார்சல் போனதா?

சென்னை மயிலாப்பூரில் உள்ள ஒரு புத்தகக் கடைக்காரர் திங்கட்கிழமை மாலை ஒரு பார்சலை ஸ்பீடு போஸ்டில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் இருப்பது அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு எண்ணை அனுப்பிவிடுகிறார். அன்றிரவிலிருந்தே வாங்கியவர் இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தைத் திறந்து திறந்து பார்க்கிறார். செவ்வாய் இரவு வந்த வரி புதன் முழுவதும் அப்படியே நிற்கிறது. பார்சல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று பதறிப் போகிறார். அநேகமாக அது எங்கும் மாட்டவில்லை.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், முடிவில் IN என்று மொத்தம் பதின்மூன்று. E என்று தொடங்கினால் ஸ்பீடு போஸ்ட், C என்றால் பார்சல். ஸ்பீடு போஸ்டுக்குப் பணம் வாங்கிய கடைக்காரர் வேறு எதிலாவது அனுப்பியிருந்தால் முதல் எழுத்தே சொல்லிவிடும். ஒன்பதாவது இலக்கம் முந்தைய எட்டையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. சும்மா வரிசை எண் அல்ல. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கணக்கு இடிக்கும். கடையின் ஆர்டர் எண்ணை இங்கே போட்டுப் பார்த்துத் தலையைச் சொறிபவர்களும் உண்டு. அதற்கும் அஞ்சல் துறைக்கும் சம்பந்தமே இல்லை.

எண் சரியாக இருந்தும் விவரம் எதுவும் வரவில்லையா? நிறைய அனுப்பும் கடைகளுக்குப் பார்கோடு ஸ்டிக்கர்கள் முன்கூட்டியே கிடைத்துவிடும். ஸ்டிக்கரை ஒட்டி எண்ணை உங்களுக்குச் சொல்லிவிட்டு, பொட்டலத்தை இரண்டு நாள் கழித்துத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோகும் கடைகள் இருக்கின்றன. ‘Item Booked’ என்ற வரி வந்தால்தான் பொருள் அஞ்சல் துறையின் கைக்குப் போயிருக்கிறது. அதுவரை கேள்வி கேட்க வேண்டிய இடம் கடை.

இனி நம் பார்சலின் கதை. திங்கள் மாலை ‘Item Booked’. சிறிது நேரத்தில் ‘Item Bagged’: அன்று சேர்ந்த மற்ற தபால்களோடு ஒரு பைக்குள் போட்டு வாய் கட்டியாயிற்று. சொற்கள் அவ்வப்போது கொஞ்சம் மாறும், சங்கதி இதுதான். பை கட்டிய பிறகு ஸ்கேன் ஆவது பையின் பார்கோடு, உங்கள் பொட்டலத்தின் பார்கோடு அல்ல. எந்தப் பைக்குள் எந்த எண் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியும், அதனால் பைக்கு நடப்பதை உங்கள் எண்ணுக்குக் கீழேயும் எழுதிக் காட்டுகிறது. செவ்வாய் சென்னை பிரிப்பகத்தில் பை திறந்து, பொட்டலங்களைப் பிரித்து, திருநெல்வேலிக்கென்று புதுப் பை கட்டுகிறார்கள். இரவு ‘Bag Dispatched’. அந்தப் பையை வழியில் யாரும் அவிழ்க்கப் போவதில்லை. ரயிலிலோ லாரியிலோ இருக்கும் பையைப் பற்றி எழுத இணையதளத்திடம் செய்தி இல்லை. புதன்கிழமை மௌனத்துக்கு அதுதான் காரணம்.

ஆக, திரையில் தெரிவது உங்கள் பொருள் இப்போது இருக்கும் இடம் அல்ல. அதையோ அதன் பையையோ கடைசியாக ஒருவர் ஸ்கேன் செய்த இடம். இதை மனத்தில் வைத்தால் பாதிக் கவலை போய்விடும். நான் கவலைப்படுவது இரண்டு நேரத்தில்தான்: ‘Bag Dispatched’ வந்து, நடுவில் ஞாயிறோ விடுமுறையோ இல்லாமல் மூன்று நான்கு நாள் ஆகியும் அடுத்த ஊரில் பை சேரவில்லை என்றால், அல்லது பை சேர்ந்து திறந்தும் உங்கள் பொருளுக்கு மட்டும் அடுத்த வரி வரவில்லை என்றால். இரண்டாவதில் பொருள் வேறு ஊர்ப் பைக்குள் விழுந்திருக்கலாம்.

வியாழன் அம்பாசமுத்திரம். கிராமத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு படி கூடுதல். துணை அஞ்சலகத்திலிருந்து பொருள் கிளை அஞ்சலகத்துக்குப் போக வேண்டும். திரையில் அது கிளைக்கு அனுப்பியதாகத் தெரியும். பட்டணத்தில் ‘Out for Delivery’ என்றால் பெரும்பாலும் அன்றே வாசலில் குரல் கேட்கும். கிராமத்தில் அடுத்த நாளும் ஆகலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டிய வரிகள் இதற்குப் பிறகு வருபவை. ‘Door Locked’ சாதுவான வரி. தபால்காரர் மறுபடி வருவார், அல்லது பொருள் அஞ்சலகத்தில் காத்திருக்கும். பொதுவாக ஏழு நாள். அடையாள அட்டையோடு நீங்களே போய் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஏழு நாளைத் தூங்கவிட்டால் பொருள் திரும்பிப் போகும்.

‘Insufficient Address’, ‘Addressee cannot be located’ இரண்டும் அவசரம். முகவரியில் கதவு எண்ணோ தெருவோ பின்கோடோ சரியில்லை, கைபேசி எண்ணும் உதவவில்லை என்று பொருள். இதில் இணையதளத்தைப் பார்த்துப் பயனில்லை. திரையில் கடைசி வரிக்கு எதிரே எந்த அஞ்சலகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே அன்றே போங்கள். “சார், வீடு பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால்” என்று நேரில் சொல்வது பத்துப் புகாருக்குச் சமம்.

எல்லாவற்றிலும் கெட்டது ‘Refused’. நீங்கள் வாங்க மறுத்தீர்கள் என்று பதிவு. உண்மையாகவே மறுத்திருந்தால் சரி. மறுக்காமலே அப்படி வந்தால், அந்த நாளே திரையைப் படமெடுத்து, அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்து, கடைக்காரருக்கும் எழுதிவிடுங்கள். பொருள் திரும்பி அவர் கைக்குப் போனதும், “நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள், அனுப்பிய செலவைக் கழித்துத்தான் தருவேன்” என்று அவர் சொன்னால் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தேதிதான். திருப்பி அனுப்பியதாக வரி வந்துவிட்ட பிறகு நடுவழியில் பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

‘Item Delivered’ என்று வந்தும் கையில் இல்லையென்றால்? முதலில் வீட்டிலும், பக்கத்து வீட்டிலும், அடுக்ககமானால் காவலாளியிடமும் கேளுங்கள். பாதிப் பொருள் அங்கே கிடைத்துவிடும். அடுத்து தபால்காரர். அவரிடமும் தீரவில்லையென்றால் அஞ்சலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்? இணையதளத்திலும் புகார் பதியலாம், 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. காப்பீடு இல்லாத பொருள் தொலைந்தால் அஞ்சல் துறை தரும் ஈடு மிகச் சிறியது. அதனால் விலைக்கான பேச்சைக் கடைக்காரரிடம் வையுங்கள்; அனுப்பியவர் அவர், ரசீதும் அவரிடம்தான்.

இன்னொன்று. ‘முகவரி சரியில்லை, பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பில் சில ரூபாய் கட்டி முகவரியைத் திருத்துங்கள்’ என்று அஞ்சல் துறை பெயரில் குறுஞ்செய்தி வருகிறது. அது மோசடி. உங்கள் பார்சலுக்கு உண்மையிலேயே முகவரிச் சிக்கல் இருக்கும் வாரத்தில் அது வந்தால் நம்பத் தோன்றும். அதில் உங்கள் பதின்மூன்று எழுத்து எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்; பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் இணைப்பைத் தொடாமல், அஞ்சல் துறையின் முகவரியை நீங்களே அடித்துத் திறந்து, அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.